"ரெஸ்ட்"னு ஒரு வார்த்தை எழுதினேன், ஒரு பொண்ணு வேலை போச்சு

1/
ஏப்ரல் 18, சனிக்கிழமை. இலஞ்சியில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு பொண்ணு வந்தா. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். 15 வாரக் கர்ப்பம், முதல் பிள்ளை. "டாக்டரம்மா, காலைல பத்து மணிக்கு ஏறி நின்னா ராத்திரி ஒம்போது வரைக்கும் நிப்புதான். நேத்து கண்ணு இருட்டி சேலைக்கட்டு மேலயே சாஞ்சிட்டேன்"னு சொன்னா. பிரஷர் பார்த்தேன், ரத்தம் பார்த்தேன், ஸ்கேன் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது. சீட்டு எடுத்து ஒரே வரி எழுதினேன்: "ஓய்வு தேவை. கடினமான வேலை கூடாது."

(யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். கடை பேரு கேட்காதீங்க.)

2/
திங்கக்கிழமை அதே சீட்டோட திரும்பி வந்தா. அழுகை. கடை அண்ணாச்சி சீட்டைப் படிச்சிட்டுச் சொன்னது இதுதான்: "டாக்டரே ரெஸ்ட்டுன்னு எழுதிட்டாங்கள்லா. எங்களுக்கு எதுக்கு வம்பு? வீட்ல இரு. பிள்ளையைப் பெத்துட்டு வா, அப்புறம் பார்ப்போம்." சம்பளம் கிடையாது. திரும்ப வந்தா வேலை உண்டான்னு உறுதியும் கிடையாது.

அவரு கெட்ட மனுஷன் இல்ல. போகும்போது ஆட்டோவுக்குக் காசும் கொடுத்துவிட்டிருக்காரு. ஆனா ஒரு பொண்ணை வேலையில இருந்து இறக்கிவிட அவருக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுத்தது நான்.

அதனால இந்த நீள இழை. முதல் குற்றவாளி நான்தான். ரெண்டாவது முதலாளிமார். மூணாவது, நாம பெருமையாப் பேசுற சட்டம்.

3/
முதல்ல என் தப்பு. "ஓய்வு"ங்கறது மருத்துவமே இல்ல. நார்மலாப் போற கர்ப்பத்தில் படுத்தே கிடந்தா குறைப்பிரசவம் தடுக்கப்படும்னு எந்த ஆதாரமும் கிடையாது. மாறா, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையுற அபாயம் கூடும். தசை பலம் குறையும். இது எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் எழுதுறோம், ஏன்னா எழுத அரை நிமிஷம் போதும்.

அந்தப் பொண்ணுக்குத் தேவைப்பட்டது ஓய்வு இல்ல. ஒரு நாற்காலி.

4/
ஏன் நாற்காலி? அசையாம நின்னா ரத்தம் காலிலேயே தேங்கும். நடந்தா கெண்டைக்கால் தசை அழுத்தி அதை மேல தள்ளும். நின்ன இடத்திலேயே நின்னா அந்தப் பம்பு ஓடாது. கர்ப்பத்தில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, நடு மாசங்களில் பிரஷரே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். மாசம் ஏற ஏற கர்ப்பப்பை, காலிலிருந்து இதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழாயையும் அழுத்தும். மூளைக்குப் போற ரத்தம் ஒரு நிமிஷம் குறைஞ்சா கண்ணு இருட்டும். அவளுக்கு நடந்தது அதுதான். அது நோய் இல்ல, 11 மணி நேர நிப்பு.

தினம் பல மணி நேரம் நிற்கிறது, கனமான சாமான் தூக்குறது, ராத்திரி ஷிப்ட் இந்த மூணும் குறைப்பிரசவ வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. "கொஞ்சம்"ங்கறதை அழுத்திச் சொல்றேன். நின்னு வேலை பார்க்கிற எல்லாருக்கும் பிள்ளை தங்காதுன்னு யாரும் பயப்பட வேண்டாம். ஆனா ஒரு நாற்காலி போட்டா குறையுற அபாயத்தை எதுக்குச் சுமக்கணும்?

5/
தூக்குற விஷயத்துக்குக் கணக்கே இருக்கு. அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம் 2013-ல் கொடுத்த வழிகாட்டல்படி, சிக்கலில்லாத கர்ப்பத்தில் எப்பவாவது தூக்குறதுன்னா முதல் 20 வாரம் வரை சுமார் 16 கிலோ, அதுக்கப்புறம் சுமார் 12 கிலோ. அதுவும் உடம்போட ஒட்டிப் பிடிச்சுத் தூக்கினாத்தான். அடிக்கடி தூக்குற வேலைன்னா இதைவிடக் குறைவு. தரையிலிருந்து குனிஞ்சு தூக்கவே கூடாது.

நிறைஞ்ச தண்ணிக் குடம் ஒண்ணு 15 கிலோ பக்கம் வரும். செங்கல் ஒண்ணு 3 கிலோன்னு வைங்க, தலையில் எட்டுக் கல் ஏத்தினா 24 கிலோ. நம்ம ஊர்ச் சூளையில் வேலை பார்க்கிறவங்க ஒரு நாளைக்கு எத்தனை நடை நடப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

6/
இப்ப ரெண்டாவது குற்றவாளிக்கு முன்னாடி மூணாவதைப் பார்ப்போம். சட்டம்.

1961-ல் வந்த மகப்பேறு பயன்கள் சட்டத்தில் இருந்த விதி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ள இப்ப போயிருக்கு. பேரு மாறியிருக்கு, உள்ளடக்கம் மாறல. அது சொல்றது: கர்ப்பிணி கேட்டா, அவளைக் கடினமான வேலைக்கோ, நீண்ட நேரம் நிற்கிற வேலைக்கோ, கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய வேலைக்கோ போடக்கூடாது. அப்படி வேலையை மாத்திக் கொடுத்ததைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது.

கேட்க நல்லாருக்கா? எப்ப இருந்துன்னு படிங்க.

7/
பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம். அதுக்கும் முந்தைய ஒரு மாசம். அவ்வளவுதான்.

என் பேஷண்டுக்குக் கணக்குப் போடுறேன். கடைசி மாதவிலக்கு ஜனவரி 3. பிரசவத் தேதி அக்டோபர் 10. ஆறு வாரம் பின்னால போனா ஆகஸ்ட் 29. இன்னும் ஒரு மாசம் பின்னால போனா ஜூலை 29. அன்னைக்கு அவளுக்கு 29 வாரம் முடிஞ்சு 30-வது வாரம் நடக்கும். அன்னைக்குத்தான் "என்னால நிக்க முடியாது"ன்னு சொல்ற உரிமை பிறக்குது.

அவ மயங்கிச் சாஞ்சது ஏப்ரல்ல. நடுவில 14 வாரத்துக்கு மேல. அந்த 14 வாரமும் அவ நிக்கணும்னு சட்டம் சொல்லல. ஆனா நிக்க வேண்டாம்னும் சொல்லல.

8/
கருச்சிதைவு எப்ப நடக்கும்? முதல் 20 வாரத்துக்குள்ள. வேலையினால வர்ற ஆபத்தை இதே தமிழ்நாட்டில் பார்த்திருக்காங்க. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு அது. வயல், செங்கல் சூளை மாதிரி வெக்கையில் வேலை பார்த்தவங்களுக்கு, குளிர்ச்சியான இடத்தில் வேலை பார்த்தவங்களைவிட, கரு கலையுறதோ குழந்தை இறந்து பிறக்கிறதோ ரெண்டு மடங்கு.

கரு கலையுற ஆபத்து முதல் மாசங்களில் வருது. சட்டம் ஏழாம் மாசம் முடியுற நேரத்தில் குடையைத் தூக்கிட்டு வருது. மழை விட்ட பிறகு குடை பிடிச்சு என்ன புண்ணியம்?

9/
சரி, வேலையை விட்டுத் தூக்குறதுக்கு எதிரா என்ன பாதுகாப்பு? இங்கதான் பலபேர் ஏமாறுறாங்க. "கர்ப்பிணியை வேலையை விட்டு எடுக்கவே முடியாது"ன்னு வாட்ஸப்பில் சுத்துது. சட்டத்தின் வாசகத்தை நிதானமாப் படிங்க. அதில் ரெண்டு பாதி இருக்கு.

முதல் பாதி: மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது நீக்குறதும், விடுப்புக்குள்ள முடியுற மாதிரி நோட்டீஸ் கொடுக்கிறதும், அவளோட பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமா மாத்துறதும் சட்டவிரோதம். தெளிவா இருக்கு. ஆனா இது விடுப்பில் இருக்கும்போது.

ரெண்டாம் பாதி: கர்ப்ப காலத்தில் எப்ப நீக்கினாலும், அதனால அவளுக்கு வரவேண்டிய மகப்பேறு பணம் பறிபோகாது. கவனிச்சீங்களா? பணம் பறிபோகாதுன்னுதான் சொல்லுது. நாலாம் மாசத்தில் நீக்கவே கூடாதுன்னு சொல்லல.

10/
ஆனாலும் இந்த ரெண்டாம் பாதியைச் சாதாரணமா நினைக்காதீங்க. இதை வச்சு ஜெயிச்சது எங்க ஆளு, ஒரு டாக்டர். டெல்லி அரசு மருத்துவமனை ஒண்ணில் ஒப்பந்தப் பணி. 2017 ஜூன் 1 முதல் மகப்பேறு விடுப்பு கேட்டாங்க. ஒப்பந்தம் ஜூன் 11-ஓட முடியுதுன்னு சொல்லி 11 நாளுக்கு மட்டும் பணம் தர முன்வந்தாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2023 ஆகஸ்டில் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் தீர்ப்பு: ஒப்பந்தம் முடிஞ்சாலும், தகுதி வந்திருந்தா 26 வாரத்துக்கும் கொடுத்தாகணும்.

"நீ பெர்மனென்ட் இல்லம்மா"ன்னு சொன்னா 2000-ம் வருஷத் தீர்ப்பைச் சொல்லுங்க. டெல்லி மாநகராட்சியில் ரோடு போட்டு, பள்ளம் தோண்டின தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டுன்னு உச்ச நீதிமன்றம் அன்னைக்கே சொல்லிட்டு.

11/
இப்ப முதலாளிமார். கர்ப்பிணியை நேரடியா "போ"ன்னு யாரும் சொல்றதில்ல. நான் கிளினிக்கில் கேட்கிற கதைகள் மூணே வகைதான்.

ஒண்ணு, அக்கறை வேஷம்: "வீட்ல ரெஸ்ட் எடும்மா." சம்பளமில்லா ரெஸ்ட்.

ரெண்டு, இறக்கம்: சேலை செக்‌ஷனில் விற்பனைக்கு இன்சென்டிவ் வாங்கினவளைப் பேக்கிங் மேசைக்கு மாத்துவாங்க. அங்கயும் நிப்புதான், இன்சென்டிவ் மட்டும் கட்.

மூணு, தானா விலக வைக்கிறது: மூணு மாடிக் கடையில் மேல் மாடி டூட்டி, பாத்ரூம் கீழ. பத்து நாளில் அவளே நின்னுக்குவா.

12/
முதல் வகைதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா அதில் ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. மகப்பேறு பணம் வாங்க, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாசத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்கணும். சம்பளத்தோட உள்ள விடுமுறை அதில் சேரும். சம்பளமில்லாம வீட்ல இருந்த நாள் சேராது.

என் பேஷண்டு ரெண்டு வருஷமா அதே கடை. அதனால 80 நாள் எப்பவோ தாண்டியாச்சு. ஆனா பிப்ரவரியில் சேர்ந்த பொண்ணை ஏப்ரலில் "ரெஸ்ட்"டுக்கு அனுப்பினா? 80-ஐத் தொடாது. வேலையும் போச்சு, பணமும் போச்சு. யாரும் அவளை நீக்கலன்னு சொல்லிக்கலாம்.

13/
"சின்னக் கடைக்காரன் 26 வாரச் சம்பளத்துக்கு எங்க போவான்?" கேள்வி நியாயம். அதுக்குப் பதில் சொல்லாம முதலாளிகளைத் திட்டுறது சுலபம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள இடத்தில் மகப்பேறு காலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம்தான் கொடுக்குது, முதலாளி இல்ல. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவங்க அதுக்குள்ள வருவாங்க. ஜவுளிக்கடைப் பொண்ணுங்க பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளதான். அப்ப முதலாளி கையிலிருந்து போறது என்ன? ஒரு நாற்காலி. இ.எஸ்.ஐ. கட்டாத முதலாளி "செலவு"ன்னு புலம்பினா, அந்தச் செலவை இழுத்து விட்டுக்கிட்டது அவருதான்.

14/
அந்த நாற்காலியும் தானம் இல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார வசதி கொடுக்கணும். வியாபாரம் இல்லாத நேரம் உட்காரலாம். கர்ப்பிணிக்கு மட்டும் இல்ல, ஆணுக்கும் பெண்ணுக்கும். இதுக்கு 30-வது வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், டாக்டர் சீட்டும் வேண்டாம்.

அதே சட்டத்தில் பழைய விதி ஒண்ணும் இருக்கு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ கொடுக்காம நிறுத்த முடியாது. நிறுத்தினா மேல்முறையீடு உண்டு. கர்ப்பம் நியாயமான காரணமான்னு முதலாளி எழுத்தில் சொல்லட்டும். எந்த முதலாளியும் எழுத மாட்டாரு. அதனாலதான் எல்லாத்தையும் வாயால சொல்றாங்க.

15/
சரி, அந்தப் பொண்ணு கதை. அன்னைக்கே என் பழைய சீட்டை ரத்து பண்ணிட்டு வேற எழுதினேன். முழுசாத் தர்றேன். டாக்டர்கள் எடுத்துக்கலாம், மத்தவங்க உங்க டாக்டர்கிட்ட காட்டலாம்.

"இவர் 15 வாரக் கர்ப்பிணி. எதிர்பார்க்கும் பிரசவத் தேதி அக்டோபர் 10. பரிசோதித்ததில் வேலை பார்க்க உடல்தகுதி உள்ளவர். வேலையில் கீழ்க்கண்ட மாற்றங்கள் மட்டும் தேவை: தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, இடையில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். 10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஏணியில் ஏறக் கூடாது. குடிநீரும் கழிப்பறையும் அதே தளத்தில் இருக்க வேண்டும். நான்கு வாரத்தில் மறுபரிசோதனை."

16/
வித்தியாசம் தெரியுதா? முதல் சீட்டு அவளால என்ன முடியாதுன்னு சொல்லுச்சு. இது அவளால வேலை பார்க்க முடியும்னு முதல்ல சொல்லிட்டு, எது மாறணும்னு அளவோட சொல்லுது. "தகுதி உள்ளவர்"ங்கற வார்த்தை இருக்கிற சீட்டை வச்சு வீட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினா, அனுப்பினது முதலாளி முடிவு, டாக்டர் முடிவு இல்ல.

நிஜமாவே வேலை கூடாத நிலையும் உண்டு. ரத்தப்போக்கு, பிரஷர் ஏறுறது, நஞ்சு கீழ இறங்கி இருக்கிறது. அப்ப "ஓய்வு"ன்னு எழுதாம நோயின் பேரையும் எத்தனை நாள்ங்கறதையும் எழுதணும். ஏன்னா கர்ப்பத்தால வர்ற நோய்க்குன்னு மகப்பேறு விடுப்புக்கு மேல ஒரு மாசம் வரை சம்பளத்தோட விடுப்பு சட்டத்தில் தனியா இருக்கு. பேரில்லாத ஓய்வுக்கு அது கிடைக்காது.

17/
சீட்டோட ஒரு கடிதமும் எழுதச் சொன்னேன். கர்ப்பமா இருக்கேன், பிரசவத் தேதி இது, இந்த மாற்றம் வேணும், வேலைக்கு வரத் தயார்னு நாலு வரி. ரெண்டு பிரதி. ஒண்ணில் கடை சீல். சீல் போட மாட்டேன்னாங்க. அதனால இலஞ்சி தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்ட், டெலிவரி ஆதாரத்தோட. அதோட முன்னாடி வாங்கின சம்பள ரசீதுகளையும் வருகைப் பதிவு போட்டோவையும் எடுத்து வச்சுக்கிட்டா. இது எதுக்கு? நாளைக்கு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் நின்னா, அவங்க முதல்ல கேட்கப் போறது "அவருக்குத் தெரியும்னு என்ன ஆதாரம்?" வாயால சொன்ன கர்ப்பத்தை, "எனக்குத் தெரியவே தெரியாது சார்"னு சொல்ல ஒரு விநாடி போதும்.

18/
மூணு வாரம் சம்பளம் இல்லாம இருந்தா. பிறகு கடையிலிருந்து போன் வந்தது. பில் சரிபார்க்கிற மேசை, நாற்காலியோட. சம்பளம் பழையபடி. சேலை செக்‌ஷன் இன்சென்டிவ் கிடையாது.

அந்த மூணு வாரச் சம்பளமும் இன்சென்டிவும் போனது போனதுதான். ஜூலை 29-க்கு முந்தின வேலை மாற்றத்துக்குச் சம்பளக் குறைப்புத் தடை எட்டாது. இதை ஜெயிச்ச கதைன்னு நான் சொல்ல மாட்டேன். சரியான சீட்டு எழுதியும் சட்டம் கைவிட்ட இடம் இதுதான்.

19/
இப்படி இருக்கத் தேவையில்லைங்கறதுக்கு ஒரே ஒரு உதாரணம். ஐரோப்பிய ஒன்றியம் 1992-லயே ஒரு படிக்கட்டு போட்டு வச்சிருக்கு. முதல்ல அதே வேலையில் நேரத்தையும் முறையையும் மாத்து. முடியலன்னா வேற வேலைக்கு மாத்து. அதுவும் முடியலன்னா விடுப்பு கொடு, வருமானம் போகாம. வீட்டுக்கு அனுப்புறது அங்க கடைசிப் படி. இங்க அதுதான் முதல் படி. அங்க நீக்கத் தடை கர்ப்பம் தொடங்கின நாளிலிருந்து. கர்ப்பத்தோட சம்பந்தமில்லாத காரணம்னா அதை முதலாளி எழுத்தில் கொடுக்கணும்.

20/
அதனால கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு. லேசான வேலைக்கான உரிமை 30-வது வாரத்தில் இல்ல, கர்ப்பத்தை எழுத்தில் சொன்ன நாளிலிருந்து தொடங்கணும். நீக்கத் தடையும் இறக்கத் தடையும் விடுப்பில் இருந்து இல்ல, அதே நாளிலிருந்து தொடங்கணும். 2025-ல் புதுச் சட்டம்னு அமலுக்குக் கொண்டு வந்தாங்க. 1961-ல் எழுதின அதே பத்து வாரத்தை அப்படியே பெயர்த்து வச்சிருக்காங்க.

10 பேருக்குக் குறைவான கடையில் இருக்கிறவங்களுக்கும் வீட்டு வேலை பார்க்கிறவங்களுக்கும் இந்தப் பத்து வாரமும் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய் உதவி நல்ல உதவி. ஆனா அது வேலையைக் காப்பாத்தாது.

21/
சக டாக்டர்களுக்கு: சட்டம் மாற நாளாகும். சீட்டு நாளைக்கே மாறலாம். "ரெஸ்ட்"டுன்னு எழுதப் போற கையை ஒரு நிமிஷம் நிறுத்தி, "என்ன வேலை பார்க்கிறம்மா? எத்தனை மணி நேரம் நிக்கிற? எவ்வளவு தூக்குற?"ன்னு கேளுங்க. பதிலை அளவோட எழுதுங்க.

அண்ணாச்சிமாருக்கு: ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் உங்க கடையைத் தாங்குறது இந்தப் பொண்ணுங்க கால்தான். நாற்காலி போடுங்க.

கர்ப்பமா இருக்கிற தங்கச்சிக்கு: வாயால சொல்லாத. எழுதிக் கொடு, பிரதி வச்சுக்கோ. "வீட்ல இரு"ன்னா, "எழுத்தில் கொடுங்க அண்ணாச்சி"ன்னு மரியாதையா கேளு.

அந்தப் பொண்ணு போன வாரம் செக்கப்புக்கு வந்தா. பிள்ளை நல்லா அசையுது. கால் வீக்கம் இல்ல. "நாற்காலி ஆடுது டாக்டரம்மா, ஒரு கால் கட்டை"ன்னு சிரிச்சா. அடுத்த சீட்டில் அதையும் எழுதிக் கொடுத்திருக்கேன்.